கெடாவிலிருந்து வெனிஸ் வரை: ஒரு கலைஞரை உலகம் எப்படிப் பார்க்கிறது?

2019-ஆம் ஆண்டு மே 11-ஆம் தேதி, இத்தாலியின் வெனிஸ் நகரில் மலேசியா முதன்முறையாகத் தன் சொந்தப் பெயரில் ஓர் அதிகாரப்பூர்வக் கலைக்கூடத்தைத் திறந்தது. வெனிஸ் பினாலே 1895-இல் தொடங்கியது. உலகின் மிகப் பழைய பினாலே அதுதான். அங்கே மலேசியா போய்ச் சேர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்த ஆண்டு 90 நாடுகள் கலந்துகொண்டன. நம்மைப் போலவே கானாவும் பாகிஸ்தானும் முதன்முறையாக வந்திருந்தன. நம் அண்டை நாடான சிங்கப்பூர் 2001-லேயே அங்கே காலூன்றிவிட்டது.

மலேசியக் கூடத்தில் நான்கு கலைஞர்களின் படைப்புகள் இருந்தன. சுல்கிஃப்ளி யூசோப், எச். எச். லிம், ஐவன் லாம், அனுரேந்திரா ஜெகதேவா. இவர்களில் முதல் இருவரும் கெடாவில் பிறந்தவர்கள். நான்காமவர் நம் சமூகத்தவர்.

கெடாவில் காட்சிக்கலை கற்பிக்கும் எனக்கு இது மகிழ்ச்சியான செய்தி. இதைச் சொன்னதும் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அதற்கு எப்படி விண்ணப்பிப்பது?" விண்ணப்பிக்க முடியாது என்பதுதான் பதில். அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால், எந்தக் கலைஞர் நம் கண்ணில் படுகிறார், எவர் படாமலே போகிறார் என்பது விளங்கும்.

பினாலேயும் சந்தையும்

பினாலே என்ற இத்தாலியச் சொல்லுக்கு 'இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை' என்று பொருள். இது ஒரு கண்காட்சி. இங்கே விலைச்சீட்டு தொங்காது. வெனிஸ் பினாலேக்குள் நுழைய இரண்டு பெரிய வாசல்கள் உண்டு. ஒன்று, மையக் கண்காட்சி. அதற்கு ஒரு கியூரேட்டர் நியமிக்கப்படுவார். கியூரேட்டர் என்றால் கண்காட்சியின் கருத்தை வகுத்து, கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து அழைப்பவர். 2019-இல் அந்தப் பொறுப்பில் இருந்தவர் ரால்ஃப் ருகோஃப். அவர் உலகம் முழுவதிலுமிருந்து அழைத்தவர்கள் 79 பேர் மட்டுமே. மற்றொன்று, நாடுகளின் கூடங்கள். அங்கே யார் போவது என்பதை அந்தந்த நாடே முடிவு செய்யும். செலவையும் அந்த நாடே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய நாடுகளுக்கு அங்குள்ள பூங்காவில் நிரந்தரக் கட்டடங்கள் உண்டு. முதல் கட்டடத்தை பெல்ஜியம் 1907-இல் கட்டியது. பிறகு வந்தவர்கள் நகரத்துக்குள் பழைய மாளிகைகளை வாடகைக்கு எடுக்க வேண்டியதுதான். மலேசியா பலாஸ்ஸோ மாலிபியெரோ என்ற மாளிகையில் காட்சி வைத்தது. ஆறு மாதத்துக்கு மேல் நடக்கும் விழா என்பதால், இடத்தின் வாடகை, அனுப்புச் செலவு, காவலாளிகள், வழிகாட்டிகள் என்று எல்லாம் நவம்பர் வரை நீளும். எனவே ஒரு நாடு பினாலேயில் இல்லையென்றால் அங்கே நல்ல கலைஞர் இல்லை என்று பொருளல்ல. பெரும்பாலும் யாரோ ஒருவர் அந்தச் செலவுக்குக் கையெழுத்திடவில்லை என்றுதான் பொருள்.

கலைச் சந்தை இதிலிருந்து வேறுபட்டது. ஆர்ட் பாசல் 1970-இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கியது. 2013 முதல் ஹாங்காங்கிலும் நடக்கிறது. நமக்கு அருகில் சிங்கப்பூரில் ஆர்ட் எஸ்ஜி 2023 முதல் நடக்கிறது. இங்கே கேலரிகள் வாடகைக்கு இடம் பிடித்து, மூன்று நான்கு நாள்களில் படைப்புகளை விற்கும். இத்தகைய பெரிய சந்தைகளில் தனிக் கலைஞர் நேரடியாகக் கடை போட முடியாது. கேலரிதான் விண்ணப்பிக்கும், அதையும் ஒரு குழு தேர்வு செய்யும்.

பினாலே பெயரைத் தருகிறது, சந்தை பணத்தைத் தருகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். நடைமுறையில் இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. பினாலேக்குப் போன கலைஞரின் விலை சந்தையில் ஏறும். சந்தையில் விற்கும் கலைஞருக்குப் பின்னால் நிற்கும் கேலரி, பினாலேக்கான செலவில் தோள் கொடுக்கும்.

யானிலிருந்து ஒரு பாதை

சுல்கிஃப்ளி யூசோப் 1962-இல் கெடாவின் யான் வட்டாரத்தில் பிறந்தவர். குனோங் ஜெராய் மலையடிவாரத்தில், நெல் வயலும் கடலும் சந்திக்கும் ஊர் அது. அங்கிருந்து வெனிஸ் வரை அவர் ஏறிய படிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் படி கலைக்கல்வி. மாரா தொழில்நுட்பக் கழகத்தில் நுண்கலை படித்தார். பின்னர் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் முதுகலை முடித்தார். இரண்டாவது படி தேசியப் போட்டி. தேசியக் கலைக்கூடம் 1974 முதல் நடத்திவரும் 'பாக்காட் மூடா செஸாமான்' என்ற சமகால இளம் கலைஞர் போட்டியில் 1980-களின் இறுதியில் பரிசு பெற்றார். தொடர்ந்து 1990-களின் தொடக்கத்தில் சலோன் மலேசியா போட்டியிலும் வென்றார். இந்தப் போட்டிகளால் அவர் படைப்புகள் தேசியக் கலைக்கூடத்தின் பார்வைக்கு வந்தன. வெளிநாட்டுக் கியூரேட்டர் ஒருவர் கோலாலம்பூருக்கு வந்தால் முதலில் விசாரிக்கும் இடம் அதுதான்.

மூன்றாவது படியைத்தான் மாணவர்கள் கவனிக்க வேண்டும். 1997-இல் வெனிஸ் பினாலே நடந்தபோது, இஸ்லாமிய உலகின் அண்மைக்காலக் கலைப்படைப்புகளுக்கென ஒரு தனிக் காட்சி அங்கே ஏற்பாடானது. அதில் சுல்கிஃப்ளி இடம்பெற்றார். மஃக்ரிப் நேரத்தில் விளையாடக்கூடாது என்று மலாய்க் குடும்பங்களில் சொல்லும் அறிவுரையைத் தலைப்பாகக் கொண்ட நிர்மாணப் படைப்பு அது. அன்று மலேசியாவுக்கென்று கூடம் இல்லை. அவர் ஒரு நாட்டின் பிரதிநிதியாக அல்ல, 'இஸ்லாமிய உலகம்' என்ற தலைப்பின் கீழ் உள்ளே போனார்.

ஒரு கியூரேட்டர் வெறுங்கையோடு வருவதில்லை. கையில் ஒரு தலைப்போடு வருகிறார். அந்தத் தலைப்புக்குள் பொருந்துகிறவர்கள் அவர் கண்ணில் படுகிறார்கள். படைப்பு நன்றாக இருக்க வேண்டும் என்பது தேவையான நிபந்தனைதான், ஆனால் அது மட்டும் போதாது. அந்த ஆண்டில் உலகம் எதைத் தேடிக்கொண்டிருக்கிறது என்பதும் தேர்வில் பங்கேற்கிறது.

1997-க்கும் 2019-க்கும் இடையே 22 ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் அவர் தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார், தொடர்ந்து படைத்தார். 2019-இல் வெனிசுக்குப் போன அவருடைய படைப்பின் பெயர் 'கெபுன் பாக் அவாங்'. விவசாயக் குடும்பங்களுக்காக மலேசிய வானொலியில் ஒலித்த பழைய நிகழ்ச்சி ஒன்றின் பெயர் அது. யான் வயல்வெளியின் நினைவு மாளிகைக்குள் போனது, ஆனால் அதற்கு ஓர் ஆயுட்காலத்தில் பாதி பிடித்தது.

ரோமில் ஒரு சின்ன ஜன்னல்

எச். எச். லிம்மின் பாதை வேறு. கெடாவில் 1954-இல் பிறந்த அவர், இளம் வயதிலேயே, 1970-களில், இத்தாலிக்குப் போய் ரோமில் படித்து அங்கேயே தங்கிவிட்டார். 1990-இல் அவர் ரோமில் 'எடிகோலா நோட்டே' என்ற மிகச் சிறிய கலையிடத்தைத் தொடங்கினார். ஒரு பத்திரிகைக் கடை அளவுதான் இருக்கும். உள்ளே போகக்கூட வேண்டாம். இரவில் தெருவில் நடந்து போகிறவர்கள் கண்ணாடி வழியாகவே படைப்பைப் பார்க்கலாம். பெயர்பெற்ற கலைஞர்கள் பலர் அங்கே காட்சி வைத்திருக்கிறார்கள்.

பரிசு வாங்குவதைவிட இது வேறு வகையான வழி. மற்றவர்களுக்கு இடம் கொடுப்பவராக மாறினால், கியூரேட்டர்களும் கலைஞர்களும் தாமாகவே வந்து சேர்கிறார்கள். ஆனால் அந்த ஜன்னல் ரோமில் இருந்ததால்தான் இது நடந்தது என்பதையும் மறக்கக்கூடாது. இதே ஜன்னலை கூலிம் பட்டணத்தில் வைத்திருந்தால், வெனிசுக்குப் போகும் கியூரேட்டர் அந்த வழியாக நடந்து போயிருக்க மாட்டார்.

கல்வி, போட்டி, பொருத்தமான தலைப்பு, மையத்துக்கு அருகில் இருப்பது. கெடாவின் இரண்டு கலைஞர்களை வைத்தே இந்த நான்கையும் எண்ணிவிடலாம்.

நம் மாணவர் எந்தப் படியில் நிற்கிறார்?

இப்போது பீடோங்கிலோ பாடாங் செராயிலோ தோட்டப் பின்னணியில் வளரும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். சுல்கிஃப்ளி ஏறிய முதல் படியே இவருக்கு வேறு இடத்தில் இருக்கிறது. மாரா தொழில்நுட்பக் கழகம் இன்று மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அதன் வளாகம் சுங்கை பட்டாணிக்கு அருகில் மெர்போக்கிலேயே இருக்கிறது. ஆனால் அது பூமிபுத்ரா மாணவர்களுக்கானது. எனவே நம் மாணவி எஸ்பிஎம்மில் காட்சிக்கலைக் கல்வி பாடத்தை எடுத்து, எஸ்டிபிஎம் அல்லது வேறு வழியாகப் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தின் கலைப்பள்ளிக்கோ, தஞ்சோங் மாலிமுக்கோ, கட்டணம் செலுத்திப் படிக்கும் தனியார் கலைக்கல்லூரிக்கோ போக வேண்டும். இதில் முதல் தடை பெரும்பாலும் வீட்டிலேயே வரும்: கலை படித்தால் வேலை என்ன?

அனுரேந்திரா ஜெகதேவாவின் வாழ்க்கை இந்தக் கேள்விக்கு ஒரு பதில். 1965-இல் ஜொகூர் பாருவில் பிறந்த அவர் சட்டம் படித்தவர்; பத்திரிகையாளராக இருந்தவர்; கலைக்கூடத்தில் கியூரேட்டராகவும் வேலை செய்தவர். ஆஸ்திரேலியாவில் கலையில் முதுகலை படித்தார். கலையைப் பற்றி எழுதும் இடத்திலும் தேர்ந்தெடுக்கும் இடத்திலும் இருந்துவிட்டு, அதே நேரத்தில் ஓவியமும் தீட்டியவர். நம் திருமண மணவறையையே ஒரு பெரிய நிர்மாணப் படைப்பாக ஆக்கி, அதன் பலகைகளில் மலேசியர்களின் முகங்களையும் வரலாற்றையும் தீட்டியிருக்கிறார். தலைப்பிலேயே மணவறை என்ற தமிழ்ச் சொல் இருக்கும். ஆனால் அவர் நகரத்தில் வளர்ந்து ஆங்கிலத்தில் எழுதியவர். லயத்து வீட்டிலிருந்து வருகிறவருக்கு அந்தப் படிகள் இன்னும் சற்று உயரமாகவே இருக்கும்.

தொடக்கப்படி எவ்வளவு முக்கியம் என்பதை ஓர் ஆய்வு அளந்திருக்கிறது. 2018-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் கலைஞர்களின் கண்காட்சிப் பதிவுகளை 36 ஆண்டுகளுக்கு ஆராய்ந்தார்கள். முதல் சில கண்காட்சிகளைப் புகழ்பெற்ற இடங்களில் வைத்தவர்களில் 39 விழுக்காட்டினர் பத்தாண்டுக்குப் பிறகும் காட்சி வைத்துக்கொண்டிருந்தார்கள். சிறிய, அறியப்படாத இடங்களில் தொடங்கியவர்களில் அப்படி நீடித்தவர்கள் 14 விழுக்காடு மட்டுமே. இதற்கு முதல் குழுவினர் மூன்று மடங்கு திறமைசாலிகள் என்று அர்த்தமில்லை. ஒரு பெயர்பெற்ற கூடத்தில் காட்சி வைத்தவரை அடுத்த பெயர்பெற்ற கூடம் எளிதாக அழைக்கிறது. கதவுக்குப் பின்னால் அடுத்த கதவு திறக்கிறது. ஆனால் இந்த ஆய்வுக்கு ஓர் எல்லை உண்டு. எங்கேயும் பதிவாகாத காட்சிகள் அதன் கணக்கிலேயே வராது. தோட்டக் கோயில் மண்டபத்தில் நடந்த ஓவியக் காட்சியை எந்தத் தரவுத்தளமும் எழுதி வைக்கவில்லை.

சந்தையின் கணக்கு

2019 மலேசியக் கூடத்தின் கியூரேட்டர் லிம் வெய்-லிங். கோலாலம்பூரில் தம் பெயரிலேயே தனியார் கேலரி நடத்துபவர். நான்கு கலைஞர்களும் அந்தக் கேலரியோடு இணைந்து செயல்பட்டவர்கள். இது விதிமீறல் அல்ல. ஒரு கலைஞரின் படைப்புகளைச் சேமித்து, படமெடுத்து, ஆவணப்படுத்தி, அனுப்பிவைக்கும் திறன் பல நாடுகளில் தனியார் கேலரிகளிடம்தான் இருக்கிறது. ஆனால் இதனால் ஒன்று தெரிகிறது: கேலரி இல்லாத கலைஞருக்கு தேசியக் கூடமும் தூரமே.

அப்படியானால் கேலரி யாரை எடுத்துக்கொள்ளும்? ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே. ஒரு கேலரி வெளிநாட்டுச் சந்தையில் இடம் பிடிக்கிறது. இட வாடகை, படைப்புகளை அனுப்புவது, விமானச் சீட்டு, தங்கும் செலவு எல்லாம் சேர்த்து 80,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். விற்பனைப் பணம் வழக்கமாகக் கலைஞருக்குப் பாதி, கேலரிக்குப் பாதி. எனவே செலவை மட்டும் ஈடுகட்டவே 160,000 வெள்ளிக்கு விற்க வேண்டும். புதிய கலைஞரின் ஓவியம் 4,000 வெள்ளி என்றால், 40 ஓவியங்கள் விற்றாக வேண்டும். அந்தச் சின்ன இடத்தின் சுவரில் 40 ஓவியங்களை மாட்டவே இடம் போதாது. ஏற்கெனவே பெயர்பெற்றவரின் ஓவியம் 40,000 வெள்ளி என்றால் நான்கு விற்றால் போதும்.

இதில் யாருடைய தீய எண்ணமும் இல்லை. கணக்கே புதியவரை வெளியே நிறுத்திவிடுகிறது. அதே கணக்கு படைப்பின் வடிவத்தையும் பாதிக்கிறது. சுவரில் மாட்டக்கூடிய, சுருட்டி அனுப்பக்கூடிய, சில நொடிகளில் கண்ணைப் பிடிக்கும் வண்ண ஓவியத்துக்குச் சந்தையில் இடம் உண்டு. ஒரு பாட்டியின் குரலை அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்கச் சொல்லும் படைப்புக்கு அங்கே நாற்காலி போடமாட்டார்கள்.

பால்மரம் போனது, வெட்டியவர் போகவில்லை

தோட்டம் உலகக் கலையரங்கில் இல்லை என்று சொல்ல முடியாது. பினாங்கைச் சேர்ந்த வோங் ஹோய் சியோங் 1996-இல் தேசியக் கலைக்கூடத்தில் குடியேறிகளையும் ரப்பர் மரங்களையும் பற்றி ஒரு முழுக் காட்சியே வைத்தார். பிரேசிலிலிருந்து வந்த மரத்தையும், கடல்தாண்டி வந்த மனிதர்களையும் அவர் ஒரே கதையாகப் பார்த்தார். 2003-இல் அவர் வெனிஸ் பினாலேயில் இடம்பெற்றார்.

போர்ட் டிக்சனில் வளர்ந்த சிம்ரின் கில் இன்னொருவர். 2007-இல் ஜெர்மனியின் காசல் நகரில், ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் டாக்குமெண்டா விழாவில், பழைய டாட்டா லாரி ஒன்றின் உள்ளுறுப்புகளைச் செம்மண், கரையான் புற்று மண், கிளிஞ்சல், பழத்தோல், இலை போன்றவற்றால் வார்த்து வைத்தார். நம் கொல்லைப்புறத்தில் கிடக்கும் பொருள்கள்தாம் அவை. 2013-இல் அவர் வெனிசில் தனிக்கூடமே பெற்றார். ஆனால் அது மலேசியாவின் கூடம் அல்ல, ஆஸ்திரேலியாவின் கூடம். போர்ட் டிக்சனிலும் சிட்னியிலும் வாழும் அவரை அனுப்பும் ஏற்பாடும் நிதியும் ஆஸ்திரேலியாவிடம் அன்று இருந்தன. மலேசியாவுக்கு அப்போது வெனிசில் கூடமே இல்லை.

இவர்கள் இருவரையும் நான் மதிக்கிறேன். இவர்களுடைய படைப்புகள் இல்லாவிட்டால் ரப்பர்த் தோட்டம் உலகக் கலை வரலாற்றில் இன்னும் குறைவாகவே பேசப்பட்டிருக்கும். ஆனாலும் பால்மரம் கலைப்பொருளாக உலகம் சுற்றிய அளவுக்கு, அந்த மரத்தை வெட்டிய குடும்பத்தின் பிள்ளை கலைஞராகச் சுற்றவில்லை. விடிவதற்கு முன் பெரட்டுக்கு நின்றது, மங்கைக் கவிழ்த்து ஒட்டுப்பாலை உரித்தது, லயத்துக் கதவில் எண் எழுதியிருந்தது ஆகியவை வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஆய்வுக்கான தகவல். உள்ளே வாழ்ந்தவருக்கு அவை உடம்பின் நினைவு. இரண்டும் வெவ்வேறு படைப்புகளைத் தரும்.

ராணாவிலிருந்து வந்த மாற்று வழி

இந்த ஏற்பாட்டில் சந்து இல்லையா? உண்டு. சபா மாநிலத்தின் ராணாவில் இயங்கும் பங்ரோக் சுலாப் என்ற குழுவைப் பாருங்கள். அவர்கள் மரப்பலகையில் உருவங்களைச் செதுக்கி, மை தடவி, துணியை விரித்து, அதன்மேல் கூட்டாக ஏறி மிதித்து ஆடி அச்செடுக்கிறார்கள். பெரிய கலைப்பள்ளியின் முத்திரையோ நகர கேலரியோ அவர்களுடைய தொடக்கமாக இருக்கவில்லை. 2018-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்த ஆசிய பசிபிக் டிரையென்னியல் என்ற மூவாண்டு விழாவில் அவர்களின் அச்சுகள் இடம்பெற்றன.

இது எப்படி நடந்தது என்பதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, அந்த விழாவின் கியூரேட்டர்கள் நாடு நாடாக நேரில் பயணம் செய்து கலைஞர்களைப் பார்ப்பவர்கள். கேலரியின் பரிந்துரைக்காக மட்டும் காத்திருப்பதில்லை. இரண்டாவது, குழுவாக இருப்பதால் ஒருவர் வேலைக்குப் போனாலும் பணி நிற்பதில்லை. மூன்றாவது மிகச் சாதாரணமானது: துணியில் எடுத்த அச்சை மடித்துப் பையில் வைக்கலாம்.

மடிக்க முடிவது அற்பமான விஷயமல்ல. நம் மாணவி ரப்பர்க் கொட்டையாலும் காய்ந்த இலையாலும் ஒரு படைப்பு செய்தால், அதை வெளிநாட்டுக்கு அனுப்பத் தாவரச் சுகாதாரச் சான்று தேவைப்படும். மரப்பெட்டியில் அனுப்பினால், பெட்டியின் பலகையே, நடுப்பகுதி வரை 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்குவது போன்ற ஏற்கப்பட்ட முறையில் பதப்படுத்தப்பட்டதற்கான முத்திரை தாங்கியிருக்க வேண்டும். பூச்சி பரவாமல் தடுக்க உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட விதி அது. முத்திரை இல்லாவிட்டால் பெட்டி துறைமுகத்திலேயே நின்றுவிடும்.

அப்படி நிற்பது பெரிய இழப்பு. ஏனென்றால் பினாலேக்கள் மாதக்கணக்கில் நடந்தாலும், கியூரேட்டர்களும் பத்திரிகையாளர்களும் பெரும்பாலும் முதல் சில நாள்களில்தான் வருகிறார்கள். 2022-இல் கேரளத்தின் கொச்சி முசிரிஸ் பினாலே டிசம்பர் 12-இல் திறப்பதாக இருந்தது. கடைசி நேரத்தில் 23-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. சரக்கு தாமதம், மழைநீர்க் கசிவு, மின்சாரக் குறைபாடு ஆகியவற்றைச் சுட்டிக்காட்டிக் கலைஞர்கள் பலர் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பெயர்பெற்றவருக்கு இன்னொரு விழா வரும். தம் கைக்காசில் வந்த இளங்கலைஞருக்கு அந்த முதல் வாரம் திரும்ப வராது.

அதே கொச்சியில் 2014 முதல் மாணவர் பினாலே ஒன்றும் நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியாவின் கலைக்கல்லூரி மாணவர்களை இளங்கியூரேட்டர்கள் நேரில் சென்று தேர்ந்தெடுக்கிறார்கள். தொடக்கப்படியையே தாழ்த்திக் கட்டும் முயற்சி அது. நம் நாட்டில் அதற்கு மிக அருகில் இருப்பது தேசியக் கலைக்கூடத்தின் இளம் கலைஞர் போட்டிதான். வெனிசுக்கு விண்ணப்பிக்க முடியாது, இதற்கு விண்ணப்பிக்கலாம்.

ஒரு பெயர், ஒரே எழுத்துக்கூட்டல்

கண்ணில் படுவது என்பது இன்று பெரும்பகுதி தேடல்தான். ஒரு கியூரேட்டர் பயணத்துக்கு முன் கலைஞரின் பெயரைத் தட்டச்சு செய்து பார்க்கிறார். நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். அடையாள அட்டையில் ஏ/எல் அல்லது ஏ/பி-யோடு தந்தை பெயர், பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்து, முகநூலில் செல்லப்பெயர், காட்சி அழைப்பிதழில் வேறு எழுத்துக்கூட்டல். ஒரே ஆள் நான்கு பேராகப் பிரிந்துபோகிறார். முதல் காட்சியிலேயே ஒரு வடிவத்தை முடிவு செய்து கடைசிவரை அதையே பயன்படுத்துவது நல்லது. ஒவ்வொரு படைப்புக்கும் தலைப்பு, ஆண்டு, பொருள், சென்டிமீட்டரில் அளவு, நிழல் விழாத ஒரு படம் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். கோயில் மண்டபத்தில் வைத்த காட்சியாக இருந்தாலும் தேதியோடு பதிவு செய்ய வேண்டும். முன்பு சொன்ன ஆய்வின் கணக்கில் வராமல் போனவை இப்படிப் பதிவாகாத காட்சிகள்தாம்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். அடுத்த முறை அலோர்ஸ்டாரில் உள்ள மாநிலக் கலைக்கூடத்துக்கோ ஜார்ஜ்டவுனில் ஒரு காட்சிக்கோ போகும்போது, படைப்புக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டை முழுதாகப் படியுங்கள். யார் தேர்ந்தெடுத்தார், யார் செலவு செய்தார், படைப்பு யாருடைய உடைமை என்ற மூன்றும் பெரும்பாலும் அங்கேயே சிறிய எழுத்தில் இருக்கும். இந்த மூன்று பெயர்களையும் ஓராண்டு தொடர்ந்து குறித்து வைத்தால், ஒரே சில பெயர்கள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அங்கிருந்துதான் படிகள் தொடங்குகின்றன.

கெடாவில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. மங்கு பிடித்த கைகளுக்கு வயதாகிவிட்டது. தோட்டம் என்ற தலைப்பைக் கையில் வைத்துக்கொண்டு உலகக் கியூரேட்டர்கள் வரும் நாளில், கேட்டுப் பதிவுசெய்து வைத்தவரின் படைப்பு சுவரில் ஏறும். அவர் சிட்னியிலிருந்தும் வரலாம், கோலாலம்பூரிலிருந்தும் வரலாம், பாடாங் செராயிலிருந்தும் வரலாம். அப்போது எது தொங்குகிறதோ அதுவே பிறகு வருகிறவர்களுக்குத் தோட்டத்தின் வரலாறாக இருக்கும்.